வக்கீல் நோட்டீஸ் வந்தால் முதலில் எடுக்க வேண்டியது பாஸ்புக்

திருச்சியில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பதினான்கு ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தேன். வீட்டுக்காரர்களுக்காக நாங்கள் அனுப்பிய நோட்டீஸ்களுக்கு வந்த பதில்களை உறை பிரித்து, தேதி முத்திரை குத்தி, கோப்பில் வைப்பது என் வேலை. பல பதில்களைப் படித்ததும் எங்கள் வக்கீல் ஐயா முகத்தில் ஒரு சிரிப்பு வரும். குடியிருப்பவர் நாலு பக்கத்துக்குப் புலம்பியிருப்பார். கைக்குழந்தை, மாமியாரின் மூட்டுவலி, வீட்டுக்காரரின் மகன் மாடியில் போடும் சத்தம் என்று எல்லாம் இருக்கும். நடுவில் எங்கேயோ "இரண்டு மாத வாடகை கொடுக்க முடியாமல் போனது உண்மைதான், ஆனாலும்" என்று ஒரு வரி வரும். ஐயா அந்த ஒரு வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போடுவார். மற்றவை எதற்கும் பயன்படாது.

அவருக்குச் சிரிப்பு வராத பதில்களும் உண்டு. அவை பெரும்பாலும் ஒன்றரைப் பக்கம்தான் இருக்கும். தேதி, தொகை, எப்படிக் கொடுத்தது, அதற்கு என்ன சான்று, அவ்வளவுதான். அப்படி ஒரு பதிலை எழுதுவது எப்படி என்பதை எனக்குத் தெரிந்த ஒரு வழக்கை வைத்துச் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். கணக்கின் போக்கை மாற்றவில்லை.

உறையூரில் தையல் கடை நடத்தும் ஓர் அம்மா. கணவர் வெளியூரில் வேலை. 2024 ஜூன் 1 முதல் 2025 ஏப்ரல் 30 வரை பதினொரு மாத ஒப்பந்தம். வாடகை 11,500 ரூபாய், அந்தந்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். அட்வான்ஸ் 50,000. 2025 மார்ச் 3 தேதியிட்ட வக்கீல் நோட்டீஸ் மார்ச் 6 அன்று அவர் கைக்கு வந்தது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஐந்து மாத வாடகை பாக்கி 57,500, மின் கட்டணம் 6,840, சுவரைச் சேதப்படுத்தியதற்கு 25,000, ஆக 89,340 ரூபாயைச் செலுத்திவிட்டு 15 நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றது நோட்டீஸ். அம்மாவின் முதல் எண்ணம் வீட்டுக்காரர் வீட்டு வாசலில் போய் நின்று கத்துவது. இரண்டாவது எண்ணம் நோட்டீஸைக் கிழித்துப் போடுவது. நல்ல வேளையாக இரண்டையும் செய்யாமல் என்னிடம் கொண்டுவந்தார்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

நோட்டீஸைத் தபால்காரரிடம் வாங்க மறுக்காதீர்கள். மறுத்தாலும் கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியாமல் போகும். வாங்கியதும் உறையைத் தூக்கி எறியக் கூடாது. நோட்டீஸின் தேதி மார்ச் 3, ஆனால் உங்களுக்குக் கணக்குத் தொடங்குவது அது கிடைத்த மார்ச் 6 முதல்தான். உறையில் இருக்கும் அஞ்சல் முத்திரையும் கண்காணிப்பு எண்ணும்தான் அதற்குச் சான்று. உறையின் மேலேயே கிடைத்த தேதியை எழுதி, நோட்டீஸோடு சேர்த்துப் பின் அடித்துவிடுங்கள்.

அடுத்தது, நோட்டீஸில் சொல்லியிருக்கும் நாள் கணக்கையும் சட்டம் சொல்லும் நாள் கணக்கையும் பிரித்துப் பார்ப்பது. "15 நாளில் காலி செய்" என்று வக்கீல் எழுதுவதாலேயே பதினாறாம் நாள் யாரும் வந்து பூட்டுப் போட முடியாது. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21ஆம் பிரிவு, எந்தெந்தக் காரணங்களுக்காக வாடகை நீதிமன்றம் ஒருவரைக் காலி செய்யச் சொல்லலாம் என்று வரிசைப்படுத்துகிறது. வாடகை பாக்கி அதில் ஒன்று. இரண்டு மாதப் பாக்கி இருந்து, அதைக் கேட்டு நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கொடுக்காமல் விட்டால்தான் அந்தக் காரணம் பொருந்தும்.

ஆகவே பாக்கி உண்மையிலேயே இருந்தால், கவனிக்க வேண்டியது இந்த ஒரு மாதம்தான். நம் அம்மாவுக்கு அது ஏப்ரல் 6 அன்று முடிகிறது. நோட்டீஸை நன்றாகக் கவனித்துவிட்டுப் பணத்தைக் கோட்டைவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இருபது நாள் உட்கார்ந்து அருமையான பதில் எழுதுவார்கள், கொடுக்க வேண்டிய வாடகையைக் கொடுக்க மாட்டார்கள்.

கணக்குத் தாள்

பதிலை எழுத உட்காருமுன் ஒரு வெள்ளைத்தாளில் கணக்குப் போட வேண்டும். முழுப் பதிலும் இதன்மேல்தான் நிற்கும். இடது பக்கம் வீட்டுக்காரர் கேட்கும் மாதம், பக்கத்தில் அவர் கேட்கும் தொகை. அதற்கு நேராக நீங்கள் கொடுத்த தேதி, தொகை, வழி, சான்று. நினைவிலிருந்து எழுதாதீர்கள். வங்கிக்குப் போய்ச் சம்பந்தப்பட்ட மாதங்களுக்குக் கணக்கு அறிக்கை வாங்கி, முத்திரை போடச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் பணம் அனுப்பியதன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார்கள் பலர். அனுப்பிய பணம் சில நேரம் திரும்பி வந்திருக்கும், அந்தப் படத்தில் அது தெரியாது. வங்கி அறிக்கையில் தெரியும். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு குறிப்பு எண் இருக்கும். அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அம்மாவின் தாள் மார்ச் 10 அன்று இப்படி முடிந்தது.

அக்டோபர் வாடகை 11,500, அக்டோபர் 4 அன்று யூபிஐ மூலம். சிக்கல் இல்லை போலத் தோன்றும், ஆனால் பணம் போனது வீட்டுக்காரருக்கு அல்ல, அவருடைய மகனின் எண்ணுக்கு.

நவம்பரில் அனுப்பியது 7,300 மட்டும், நவம்பர் 6 அன்று. மீதி 4,200 தண்ணீர் மோட்டார் பழுது பார்த்த செலவு. நவம்பர் 2 தேதியிட்ட பில்லின் படத்தை அனுப்பியதும், மறுநாள் வீட்டுக்காரர் "இந்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் பதில் போட்டிருக்கிறார்.

டிசம்பர் இரண்டு துண்டாக. 8ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கையில் 6,000, ரசீது இல்லை. 21ஆம் தேதி யூபிஐ மூலம் 5,500.

ஜனவரி 11,500, ஜனவரி 7 அன்று யூபிஐ.

பிப்ரவரி கொடுக்கவில்லை.

கூட்டிப் பார்த்தால் வங்கி அறிக்கையே காட்டும் தொகை 35,800. மோட்டார் செலவு 4,200 சேர்த்தால் 40,000. ரசீதில்லாத 6,000 சேர்த்தால் 46,000. பாக்கி 11,500. வீட்டுக்காரர் கேட்கும் 57,500 இப்படிப் பைசா பிசகாமல் பிரிந்து நின்றது. கூட்டல் சரியாக வரவில்லை என்றால் பதில் எழுத ஆரம்பிக்காதீர்கள். எங்கோ ஒரு மாதம் இரண்டு முறை எழுதப்பட்டிருக்கும், அல்லது விட்டுப்போயிருக்கும்.

மகன் எண்ணுக்கு அனுப்பிய பணம்

இங்கேதான் நோட்டீஸை ஒரு முறைக்கு மூன்று முறை படிக்க வேண்டும் என்பது. "என் கட்சிக்காரருக்கு வாடகை வந்து சேரவில்லை" என்று எழுதியிருப்பதன் பின்னால் இருந்த தந்திரம், பணம் மகன் கணக்குக்குப் போனது என்பதுதான். மகன் வேறு ஆள், அவரிடம் கொடுத்தது எனக்குத் தெரியாது என்று பின்னால் சொல்லலாம். அதற்கு அம்மாவிடம் ஒரு பதில் இருந்தது. 2024 ஜூலை 2 அன்று "இனிமேல் மகன் எண்ணுக்கே அனுப்பிவிடுங்கள்" என்று வீட்டுக்காரர் அனுப்பிய செய்தி.

அதைவிட நல்ல பதில் நோட்டீஸிலேயே இருந்தது. பாக்கி அக்டோபரிலிருந்து என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் வாடகை வந்து சேர்ந்துவிட்டது. அந்த மூன்று மாதமும் பணம் போனது அதே மகன் எண்ணுக்குத்தான். மூன்று மாதம் வாடகையாக ஏற்ற வழி நாலாவது மாதம் எப்படி வழியில்லாமல் போகும்? இதை வாதமாக நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஜூலை முதல் ஜனவரி வரை ஒவ்வொரு பரிமாற்றமும் ஒரே எண்ணுக்குச் சென்றது என்று ஒரு வாக்கியம் போதும். படிக்கும் வக்கீலுக்குப் புரியும்.

ரசீதில்லாத ஆறாயிரம்

ரொக்கமாகக் கொடுத்த பணம்தான் எல்லோருக்கும் உதைக்கும் இடம். வாடகைக்கு ரசீது கேட்பது வாடகைதாரரின் உரிமை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போது யார் ரசீது கேட்கிறார்கள்?

கையிலிருக்கும் சான்று எவ்வளவு தாங்கும் என்று நேர்மையாக எடை போட வேண்டும். அம்மா டிசம்பர் 7 மாலை ஏடிஎம்மில் 8,000 எடுத்திருக்கிறார். இது துணைச் சான்றுதான். எடுத்த பணத்தில் அரிசிகூட வாங்கியிருக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்கும். டிசம்பர் 8 மதியம் "ஐயா, காலையில் கொடுத்த 6,000 போக மீதியை 21ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுகிறேன்" என்று இவர் அனுப்பிய செய்திக்கு வீட்டுக்காரர் "சரிம்மா" என்று பதில் போட்டிருக்கிறார். 21ஆம் தேதி சரியாக 5,500 போயிருக்கிறது. இது கனமான சான்று. 6,000 வராமல் இருந்திருந்தால் "எந்த ஆறாயிரம்?" என்று அன்றே கேட்டிருப்பார்.

இந்தச் செய்திகளை அழிக்காதீர்கள், கைப்பேசியை மாற்றினாலும் பழையதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றம் வரை போனால் அச்செடுத்த தாள் மட்டும் போதாது. மின்னணுப் பதிவுக்கு அதற்குரிய சான்றிதழும் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும், கைப்பேசியையும் கேட்கலாம்.

தகராறில் இருக்கும் அந்த 6,000-ஐ மறுபடி கொடுத்துவிடலாமா என்று அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தப் பணம் வரவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், பிப்ரவரி வாடகை கொடுத்த பிறகு மொத்தப் பாக்கி 6,000-க்கு மேல் நிற்காது. அது ஒரு மாத வாடகைகூட இல்லை. பாக்கி இரண்டு மாதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். ஆட்சேபத்தோடு கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டைக் காப்பாற்றிக்கொண்ட பிறகு பணத்துக்குச் சண்டை போடலாம்.

பதிலுக்கு முன்பே பணம் போக வேண்டும்

பாக்கி என்று நீங்களே ஒப்புக்கொள்ளும் தொகையைப் பதில் அனுப்புவதற்கு முன் கொடுத்துவிடுங்கள். "விரைவில் கொடுத்துவிடுகிறேன்" என்று எழுதுவது பாக்கியை ஒப்புக்கொள்வது மட்டும்தான். "11ஆம் தேதி கொடுத்துவிட்டேன்" என்று எழுதினால் பாக்கி முடிந்தது.

அம்மா மார்ச் மாத வாடகையை வழக்கம்போல் மார்ச் 7 அன்று அனுப்பினார், பிப்ரவரி வாடகையை மார்ச் 11 அன்று அனுப்பினார். இரண்டிலும் குறிப்பில் "மார்ச் 2025 வாடகை", "பிப்ரவரி 2025 வாடகை" என்று எழுதினார். இந்தக் குறிப்பு அற்பமாகத் தெரியும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59ஆம் பிரிவுப்படி, கொடுப்பவர் எந்தக் கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்தால் வாங்குபவர் அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால் 60ஆம் பிரிவுப்படி வாங்குபவர் தன் விருப்பப்படி எந்தப் பாக்கிக்கும் வரவு வைத்துக்கொள்ளலாம். அவர் அதைத் தகராறில் இருக்கும் தொகைக்கு வரவு வைத்துவிட்டு, மார்ச் வாடகை வரவில்லை என்று அடுத்த நோட்டீஸ் அனுப்ப இடம் கொடுக்காதீர்கள்.

இதோடு சேர்த்து ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். "அட்வான்ஸ்தான் அவரிடம் இருக்கிறதே, அதில் கழித்துக்கொள்ளட்டும்" என்று வாடகையை நிறுத்துவது. அட்வான்ஸ் என்பது வீட்டைக் காலி செய்யும்போது திரும்ப வாங்க வேண்டிய பணம். வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதிக்காமல் நீங்களாக அதை வாடகையாக மாற்ற முடியாது. அப்படி நிறுத்திய ஒவ்வொரு மாதமும் பாக்கிதான்.

மின் கட்டணமும் சுவரும்

6,840 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, ஏனென்றால் அது முழுத் தொகையாக இல்லாமல் ஏதோ பில்லின் கூட்டுத்தொகை போல் இருந்தது. மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில், கட்டணக் குறுஞ்செய்தி அவர் கைப்பேசிக்கு, கட்டுவது அம்மா. வங்கி அறிக்கையைப் புரட்டினால் அக்டோபர் 12 அன்று 2,210, டிசம்பர் 11 அன்று 1,980, பிப்ரவரி 13 அன்று 2,650. கூட்டினால் 6,840. கட்டச் சொல்லி வந்த மூன்று செய்திகளைக் கூட்டி வக்கீலிடம் கொடுத்திருக்கிறார், கட்டப்பட்டதா என்று பார்க்கவில்லை. மின் இணைப்பு எண்ணைப் போட்டுப் பார்த்தால் மின்வாரிய இணையதளத்திலேயே தெரிந்திருக்கும்.

சுவருக்கான 25,000-க்கு எந்தச் சுவர், என்ன சேதம், எப்போது பார்த்தார்கள், யார் மதிப்பிட்டார்கள் என்று எதுவும் இல்லை. விவரமில்லாத கோரிக்கைக்கு விவரமாக மறுப்பு எழுதக் கூடாது. "ஹாலில் ஆணி அடித்தது மட்டும்தான்" என்று ஆரம்பித்தால் நீங்களே விவரம் எடுத்துக்கொடுத்ததாகிவிடும். மறுக்கிறேன், விவரமும் மதிப்பீடும் தரவும் என்றால் போதும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, சுவருக்கு வெள்ளையடிப்பதைச் சட்டத்தின் அட்டவணை வீட்டுக்காரர் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

எழுதும் முறை

பதிலை வக்கீலுக்கு எழுத வேண்டும், வீட்டுக்காரருக்கு அல்ல. நோட்டீஸ் ஆங்கிலத்தில் வந்திருந்தாலும் நீங்கள் தமிழில் எழுதலாம். வக்கீலைத் திட்டாதீர்கள், அவர் தன் கட்சிக்காரர் சொன்னதை எழுதியிருக்கிறார். "பொய்", "மோசடி", "மனசாட்சி" போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு தேதியைப் போட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த வாக்கியமே வேண்டாம்.

சிலர் எங்கோ பார்த்துவிட்டுத் தலைப்பில் "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று போட்டுவிடுவார்கள். அது சமரசம் பேசும் கடிதத்துக்கு உரியது. அதில் சொன்னதைப் பின்னால் ஒப்புதலாகக் காட்டக் கூடாது என்பதற்காகப் போடுவது. இந்தப் பதிலையோ நீங்களே நாளை நீதிமன்றத்தில் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே அதை இங்கே போடாதீர்கள். "ஏப்ரலில் காலி செய்கிறேன், அட்வான்ஸை முழுதாகக் கொடுங்கள்" என்பது போன்ற பேச்சை இதில் கலக்கவும் வேண்டாம், அதற்குத் தனிக் கடிதம்.

அம்மாவின் பதில் இது. பெயர், முகவரி, குறிப்பு எண்களை மட்டும் எடுத்திருக்கிறேன்.

"அனுப்புநர்: ... பெறுநர்: ..., வழக்கறிஞர், திருச்சிராப்பள்ளி. நாள்: 13.03.2025.

பொருள்: தங்கள் கட்சிக்காரருக்காகத் தாங்கள் அனுப்பிய 03.03.2025 தேதியிட்ட நோட்டீஸ், 06.03.2025 அன்று கிடைத்தது. அதற்குப் பதில்.

1. உறையூரில் உள்ள மேற்படி வீட்டில் 01.06.2024 தேதியிட்ட, பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தப்படி குடியிருந்து வருகிறேன். ஒப்பந்தக் காலம் 30.04.2025 வரை. மாத வாடகை ரூ.11,500. முன்பணமாக நான் கொடுத்த ரூ.50,000 தங்கள் கட்சிக்காரரிடம் இருக்கிறது.

2. நோட்டீஸின் 3ஆம் பத்தியில் கூறியுள்ள ரூ.57,500 வாடகை பாக்கி சரியல்ல. விவரம்:

அக்டோபர் 2024: 04.10.2024 அன்று ரூ.11,500, யூபிஐ.

நவம்பர் 2024: 06.11.2024 அன்று ரூ.7,300, யூபிஐ. மீதி ரூ.4,200 மோட்டார் பழுதுச் செலவு. வாடகையில் கழித்துக்கொள்ளத் தங்கள் கட்சிக்காரர் 03.11.2024 அன்று வாட்ஸ்அப் செய்தி மூலம் சம்மதித்தார்.

டிசம்பர் 2024: 08.12.2024 அன்று ரொக்கம் ரூ.6,000, 21.12.2024 அன்று ரூ.5,500, யூபிஐ. ரொக்கம் கொடுத்ததைக் குறிப்பிட்டு அன்றே நான் அனுப்பிய செய்திக்குத் தங்கள் கட்சிக்காரர் சம்மதம் தெரிவித்துப் பதில் அனுப்பியுள்ளார்.

ஜனவரி 2025: 07.01.2025 அன்று ரூ.11,500, யூபிஐ.

பிப்ரவரி 2025: 11.03.2025 அன்று ரூ.11,500, யூபிஐ.

மொத்தம் ரூ.57,500. மார்ச் 2025 வாடகை ரூ.11,500-ம் 07.03.2025 அன்று செலுத்தப்பட்டுள்ளது. இன்றைய தேதியில் வாடகை பாக்கி எதுவும் இல்லை.

3. மேற்கண்ட யூபிஐ தொகைகள் அனைத்தும், தங்கள் கட்சிக்காரர் 02.07.2024 அன்று அனுப்பிய செய்தியில் கேட்டுக்கொண்டபடி அவருடைய மகனின் எண்ணுக்கு அனுப்பப்பட்டவை. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் 2024 வாடகையும் அதே எண்ணுக்கே அனுப்பப்பட்டது. அந்த மாதங்களுக்குப் பாக்கி இருப்பதாக நோட்டீஸில் கூறப்படவில்லை.

4. மின் கட்டணம் ரூ.6,840 பாக்கி என்பது சரியல்ல. 12.10.2024 அன்று ரூ.2,210, 11.12.2024 அன்று ரூ.1,980, 13.02.2025 அன்று ரூ.2,650 ஆகியவற்றை நானே செலுத்தியிருக்கிறேன்.

5. சுவர் சேதம் என்று கேட்கும் ரூ.25,000-ஐ மறுக்கிறேன். சேதத்தின் விவரமோ மதிப்பீடோ நோட்டீஸில் இல்லை. இருந்தால் அனுப்பவும்.

6. ஒப்பந்தக் காலம் நடப்பில் இருப்பதாலும் வாடகை பாக்கி இல்லாததாலும் 15 நாளில் காலி செய்ய வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்க இயலவில்லை.

7. நோட்டீஸில் உள்ளவற்றுள் இங்கே வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்படாதவற்றை நான் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளக் கூடாது.

இணைப்பு: வங்கிக் கணக்கு அறிக்கை, செய்திகளின் அச்சு, மோட்டார் பழுது பில், மின் கட்டண ரசீதுகள் ஆகியவற்றின் நகல்கள்."

இதில் பிப்ரவரி ஏன் தாமதமானது என்று ஒரு வரிகூட இல்லை, கவனித்தீர்களா? அந்த மாதம் அம்மாவின் தையல் மெஷின் மோட்டார் எரிந்துபோனது, கடை பத்து நாள் மூடியிருந்தது. எழுதச் சொல்லி என்னிடம் மன்றாடினார். காரணம் எழுதினால் "பணக் கஷ்டத்தில் இருப்பவர், இனியும் கொடுக்க மாட்டார்" என்று எதிர்த்தரப்பு எடுத்துக்கொள்ளும். செலுத்திய தேதியை எழுதியாகிவிட்டது, தாமதம் அதிலேயே தெரிகிறது. ஒப்பந்தத்தில் தாமத வட்டி எழுதியிருந்தால் அதையும் கணக்குப் போட்டு அனுப்பியிருப்போம், இதில் எழுதப்படவில்லை.

ஏழாவது பத்தி வெறும் சடங்கு போல் தெரியும், ஆனால் தேவை. பதிலில் தொடாமல் விட்டதைச் சம்மதம் என்று பின்னால் யாராவது வாதாடலாம்.

அனுப்புவதும் அதற்குப் பிறகும்

2025இல் அஞ்சல் துறை பழைய பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டது. ஆகவே ஸ்பீட் போஸ்டில், பதிவு வசதியும் சேர்ப்பித்ததற்கான சான்றும் கேட்டு அனுப்புங்கள். வக்கீலுக்கு ஒன்று, அதன் நகல் வீட்டுக்காரருக்கு ஒன்று. இணைப்பாக நகல்தான் போக வேண்டும், மூலம் உங்களிடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, கையெழுத்திட்ட முழுப் பதிலையும் அனுப்புமுன் ஒளிநகல் எடுத்துக்கொள்ளுங்கள். அஞ்சலக ரசீதின் மை சில மாதத்தில் மங்கிவிடும், அதையும் நகல் எடுக்க வேண்டும். எங்கள் அலுவலகக் கோப்புகளிலேயே வெற்றுத் தாளாகிப்போன ரசீதுகளைப் பார்த்திருக்கிறேன்.

பதில் போன பிறகு வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுப்பதுண்டு. சில நாளில் மகன் எண் யூபிஐயில் முடக்கப்பட்டிருக்கும், அல்லது பணம் திரும்பி வரும். உடனே வங்கிக் கணக்கு எண் கேட்டு எழுத்தில் கேளுங்கள். அப்படியும் வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் அதைக் கட்டச் சட்டத்தில் வழி உண்டு. துணை ஆட்சியர் நிலையில் உள்ள அதிகாரி அவர். தண்ணீரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது போன்றவையும் நடக்கும். அத்தியாவசிய வசதிகளை அப்படி நிறுத்தக் கூடாது என்று 20ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கான புகாரும் அவரிடமே.

எழுத்து ஒப்பந்தமே இல்லாமல் குடியிருப்பவர்கள் இந்த மாதிரிப் பதிலை அப்படியே நகல் எடுக்க வேண்டாம். ஒப்பந்தம் போடாததே காலி செய்யச் சொல்ல ஒரு தனிக் காரணம் என்று 21ஆம் பிரிவில் இருக்கிறது. அங்கே தேதியும் தொகையும் மட்டும் காப்பாற்றாது. நோட்டீஸில் காசோலை திரும்பியது என்று இருந்தால், கிடைத்த 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டிய வேறு சட்டம் அது, குற்ற வழக்காகப் போகக்கூடியது. இந்த இரண்டிலும், நோட்டீஸுக்குப் பதிலாக நீதிமன்றச் சம்மனே வந்துவிட்டாலும், வக்கீலைப் பார்த்துவிடுங்கள். கட்டணம் கொடுக்க முடியாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிலும் கேட்கலாம்.

அம்மாவின் பதிலுக்கு மறுபதில் வரவில்லை. ஏப்ரல் நடுவில் மகன் வந்து, வீட்டை வேறு ஒருவருக்குக் கூடுதல் வாடகைக்குப் பேசியிருப்பதாகவும் ஒப்பந்தம் முடிந்ததும் காலி செய்து தர முடியுமா என்றும் கேட்டார். நோட்டீஸுக்கு உண்மையான காரணம் அதுதான் என்று எனக்கு முதலிலேயே தோன்றியிருந்தது. அம்மா பக்கத்துத் தெருவிலேயே வீடு பார்த்துக்கொண்டார். ஏப்ரல் 30 அன்று அட்வான்ஸில் 44,000 கொடுத்தார்கள். அந்த 6,000-ஐ மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அதற்காக வழக்குப் போட வேண்டாம் என்று அம்மாவே முடிவு செய்தார். ஆனால் சாவியைக் கொடுக்கும்போது, தையல் அளவு எழுதும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, சாவி பெற்றுக்கொண்ட தேதியும் பிடித்த தொகையும் எழுதி மகனிடம் நீட்டியிருக்கிறார். மகன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாராம்.